நாற்பத்திரண்டாவது பெயர்

இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவ்வளவுதான் குறைந்தது.

மே இருபதாம் தேதி காலை பத்தேகாலுக்கு மின்னஞ்சல் வந்தது. பாலக்காட்டில், எங்கள் சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து திறந்தேன். மேலே இருந்த முகமன் எதையும் படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கம், கடைசி வரி. ஒரு கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துப் பத்தாயிரம். இரண்டு கோடி இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. இரண்டாவது முறை படித்தேன். மூன்றாவது முறை விரல் வைத்துப் படித்தேன். எண் மாறவில்லை.

அந்த எண் இரண்டு கோடியைத் தொட்டிருந்தால் பூபதிராஜாவுக்கு மூன்று கோடி ரூபாய் வந்திருக்கும். தொடாததால் ஒரு ரூபாய்கூட வராது. இப்படி எழுதிய ஒப்பந்தத்தில் அவருக்கு ஆலோசகராக இருந்தவள் நான். ராஜஸ்ரீ. கல்பாத்திக்காரி. அப்போது ஆடிட்டர் பரீட்சை முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அது என் முதல் கம்பெனி விற்பனை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் பூபதிராஜா ஓர் ஏலக்காய்க் கம்பெனி வைத்திருந்தார். விவசாயிகளிடமும் ஏலத்திலும் காய்ந்த காயை வாங்கி, சல்லடையில் அளவு பிரித்து, நிறம் பார்த்து, மூட்டை கட்டித் தமிழ்நாட்டு இனிப்புக் கடைகளுக்கு அனுப்புவது தொழில். தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். மாடியில் ஓர் அறை, அதுதான் ஆபீஸ். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் கனடாவில் இருந்தான்; திரும்பி வருவதாக இல்லை. பாங்குக் கடன் கழுத்தை நெரித்தது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

வாங்க வந்தது கோயம்புத்தூர் மசாலா கம்பெனி ஒன்று, வேல்மதி ஃபுட்ஸ். அதன் நிதி அதிகாரி ஈஸ்வரன், எருத்தேன்பதிக்காரர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று எதிராளிக்குக் கொடுக்க.

அந்த மாடி அறையில்தான் முதல் சண்டை.

போன வருஷ லாபம் ஒரு கோடியே நாற்பது லட்சம். வட்டி, வரி, இயந்திரத் தேய்மானம் இதெல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம். இந்த மாதிரிக் கம்பெனிக்கு அதைப் போல ஐந்து மடங்கு விலை என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம். ஆனால் எந்த வருஷத்து லாபத்தை ஐந்தால் பெருக்குவது?

"அடுத்த வருஷம் ரெண்டு கோடி வரும்," என்றார் பூபதிராஜா. "திருநெல்வேலிப் பக்கம் பதினொரு கடைக்காரன் எனக்கு வாக்குக் குடுத்திருக்கான். அப்ப விலை பத்துக் கோடி."

"வந்தா சந்தோசமுங்க," என்றார் ஈஸ்வரன். "வரலீன்னா? பத்துக் கோடியக் குடுத்துப்போட்டு நாங்க உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா, திருப்பியா குடுப்பீங்க? கண்ணுல பாக்கறது ஒன்னு நாப்பதுங்க. அதுக்கு ஏழு கோடி."

"ஏழுக்குக் குடுத்துட்டு, அடுத்த வருஷம் ரெண்டு கோடி வந்தா? நான் புடிச்ச கடைக்காரனோட லாபத்த நீங்க தின்பீக. நான் வேடிக்க பாக்கணுமோ?"

ஒருவர் பொய் சொல்கிறார் என்றில்லை. இரண்டு பேரும் நம்பியதையே சொன்னார்கள். வராத ஒரு வருஷத்தைப் பற்றி எப்படிச் சண்டையைத் தீர்ப்பது? நான் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் படித்த நாளிலிருந்தே எனக்கு ஏர்ன்-அவுட் மேல், அதாவது விலையில் ஒரு பகுதியை வரப்போகும் லாபத்தோடு கட்டிப்போடும் முறை மேல், ஒரு பைத்தியம்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "யார் சொல்றது சரின்னு இப்போ தெரியாதே. அப்போ இப்போ ஏன் சண்டை போடணும்? ஏழு கோடி இன்னிக்கு. பாக்கி மூணு கோடிய ஒரு வருஷம் தள்ளி வைப்போம். பூபதி சாரே மேனேஜரா இருந்து ஷெட்டை நடத்தட்டும். ஏப்ரல் ஒண்ணுலேருந்து மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் லாபம் ரெண்டு கோடி வந்தா அவர் சொன்னது சரி, மூணு கோடி குடுங்கோ. வரலைன்னா நீங்க சொன்னது சரி, குடுக்க வேண்டாம். வருஷமே தீர்ப்பு சொல்லட்டும்."

பூபதிராஜா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா பேச்சுல பாதி மலையாளம், பாதி அக்ரகாரம். ஆனா கணக்கு சுத்தம்."

ஈஸ்வரன் பேனாவை உருட்டினார். பிறகு இரண்டு வழி சொன்னார். முதலாவது படிக்கட்டு: ஒன்று நாற்பதுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு முழுப் பத்து லட்சத்துக்கும் நாற்பது லட்சம், உச்சிவரை ஏறினால் இரண்டு கோடியே நாற்பது லட்சம். இரண்டாவது ஒரே கோடு: இரண்டு கோடியைத் தொட்டால் முழு மூன்று கோடி, ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒன்றுமில்லை.

"படிக்கட்டு வாங்கிக்கோங்கோ சார்," என்று காதில் சொன்னேன். "கொஞ்சம் குறைஞ்சாலும் கையில ஏதாவது நிக்கும்."

"கொறையும்னு நெனைக்கவனுக்குத்தான் பாப்பா படிக்கட்டு," என்றார் அவர் சத்தமாகவே. "ரெண்டு வரும்னு சொன்னேன். சொன்ன வாய் மாறக் கூடாது. கோடே போடுங்க."

கோட்டைப் போட்டோம்.

வருஷத்தில் யாரும் கணக்கை வளைக்கக் கூடாது. அதற்கான ஷரத்துகளை நான் ஆசை ஆசையாக எழுதினேன். லாபம் எப்போதும் போட்டுவந்த அதே முறையில் கணக்கிடப்படும். வேல்மதி தன் தலைமை அலுவலகச் செலவுகளையோ, தன் இஷ்டத்துக்குச் சேர்க்கும் புதுச் செலவுகளையோ இந்த ஷெட்டின் தலையில் கட்டக் கூடாது. கணக்கறிக்கை கைக்கு வந்ததும் பூபதிராஜாவுக்கு முப்பது நாள். அதற்குள் ஆட்சேபம் அனுப்பலாம். அனுப்பினால், பேசித் தீராததை இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆடிட்டர் தீர்ப்பார். அனுப்பாவிட்டால் அந்த எண்தான் முடிவு.

கடைசியில் வேலையாட்கள் பட்டியல். இங்கே வேலை செய்வோர் இவ்வளவு பேர், யாருக்கும் பாக்கி இல்லை என்று விற்பவர் உறுதி சொல்ல வேண்டும். அதில் பொய் இருந்தால் இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். சம்பளப் புத்தகத்தைப் பார்த்து நானே பட்டியலை எழுதினேன். நாற்பத்தொரு பெயர். பூபதிராஜா ஒப்புப் போட்டார். அந்தப் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துக்கு மலையாளத்து ஒப்பைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு எங்களுக்குப் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தது மாரித்தாய். பூபதிராஜாவின் தம்பி முனீஸ்வரனின் மனைவி. தம்பி இறந்து பல வருஷம்; ஆனந்தி என்று ஒரு மகள். டம்ளரை வைத்துவிட்டுக் கீழே போய், பிரித்து வைத்த குவியலில் கைவிட்டுக் காயை அள்ளி, முகர்ந்து, இரண்டை உடைத்துப் பார்த்து, மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் கட்டினார். சிவப்பு நூல் இல்லாத மூட்டையைச் சுமைக்காரர்கள் தொடமாட்டார்கள். லாரி நின்றாலும் சரி. நான் ஜன்னலிலிருந்து அதை முழுவதும் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று போட்டோகூட எடுத்தேன். பட்டியலில் எழுதத் தோன்றவில்லை. சம்பளப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அதனால் என் கண்ணுக்கும் இல்லை.

ஏப்ரலில் கம்பெனி கைமாறியது. ஏழு கோடியில் பாங்குக்குப் போனது போக மீதி பூபதிராஜாவின் கையில். மேனேஜராக அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் வேல்மதியிலிருந்து ஜோமோள் வந்தாள். கொச்சிக்காரி, ஆட்கள் விவகாரம் பார்ப்பவள். எல்லாரையும் போட்டோ எடுத்து அடையாள அட்டை கொடுக்க வேண்டும். நாற்பத்தொரு அட்டை கொடுத்து முடித்து, ஷெட்டைச் சுற்றிப் பார்த்தவள் மாரித்தாயிடம் வந்து நின்றாளாம்.

"சேச்சீ, கார்டு எவிடெ?"

"எனக்கு எதுக்கும்மா கார்டு? நான் இந்த வீட்டு ஆளு."

"ஆ நூல் ஆரா கெட்டுந்நது?" என்று மூட்டை வாயில் இருந்த கட்டைக் காட்டிக் கேட்டாளாம்.

"நாந்தான்."

ஜோமோள் கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். தரம் பார்த்து அனுப்பும் ஆள் கம்பெனியின் ஆளாக இல்லாவிட்டால் உணவுப் பாதுகாப்புத் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார்கள். மே ஒன்றாம் தேதியிலிருந்து மாரித்தாய் தரப் பரிசோதகர். மாதம் நாற்பதாயிரம். பி.எஃப். பங்கோடு கம்பெனிக்குச் செலவு நாற்பத்து மூவாயிரம்.

பூபதிராஜா அன்று எனக்குப் போன் செய்து வயிறு வலிக்கச் சிரித்தார். "கேட்டீகளா பாப்பா, எங்க மாரிக்கு உத்தியோகம்! சம்பளச் சீட்டெல்லாம் அடிச்சுக் குடுத்திருக்காக!" நானும் சிரித்தேன். மார்ச்சுக்குள் நாலே முக்கால் லட்சம் செலவு ஏறுகிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு கோடிக்கு முன்னால் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

அடுத்த முறை நான் போனபோது மாரித்தாய் அட்டையைக் காட்டினார். சேலை முந்தானைக்குள் ஊசி குத்தி வைத்திருந்தார். "போட்டோவுல நான் யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கேன்ல?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அதைக் குத்திக்கொண்டுதான் போகிறார் என்று சுமைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் கழற்றவில்லை.

பதினொரு கடையும் வந்தது. பூபதிராஜா சொன்ன வாக்கு பொய்யாகவில்லை. ஆனால் காயின் விலை நடுவருஷத்தில் ஏறியது. கடைக்காரர்களுக்குச் சொன்ன விலை ஏறவில்லை. கடைசி மூன்று மாதம் அவர் தூங்கியதே இல்லை என்று நினைக்கிறேன். மார்ச் முடிந்தது. மே இருபதில் கணக்கறிக்கை வந்தது.

அதில் ஒரு வெற்றி எனக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. வரைவில் வேல்மதி தன் கணினி மென்பொருள் கட்டணம் ஆறு லட்சத்தை ஷெட்டின் செலவாகக் காட்டியிருந்தது. ஷரத்தைக் காட்டினேன். ஈஸ்வரன் உடனே நீக்கிவிட்டார். நேர்மையான மனிதர். அதை நீக்கிய பிறகும்தான் இந்த இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் குறைந்தது. படிக்கட்டை வாங்கியிருந்தால் இதே எண்ணுக்கு இரண்டு கோடி கிடைத்திருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

செலவுகளை ஒவ்வொரு வரியாகக் கொத்தினேன். விறகு, டீசல், சாக்கு, லாரி. எல்லாம் சரி. சம்பளத்துக்கு வந்தேன். நாற்பத்தொன்று இருந்த இடத்தில் நாற்பத்திரண்டு. பதினொரு மாதம், நாற்பத்து மூவாயிரம் வீதம், நாலு லட்சத்து எழுபத்து மூவாயிரம். அதை எடுத்துவிட்டால் லாபம் இரண்டு கோடியே ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம்.

கோட்டைத் தாண்டிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

வாதம் பளிச்சென்று தெரிந்தது. எப்போதும் போட்டுவந்த முறையில் மாரித்தாய்க்குச் சம்பளமே கிடையாது. இது வேல்மதி தன் இஷ்டத்துக்குச் சேர்த்த புதுச் செலவு. மென்பொருள் கட்டணம் மாதிரி. நீக்க வேண்டும்.

ஈஸ்வரனுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங் மேடம், மென்பொருள் எங்க ஆபீஸ் சமாச்சாரமுங்க. எடுத்துட்டோம். இது அப்புடி இல்லீங்களே. அந்த ஷெட்டுல நடக்கற வேலைக்கு அந்த ஷெட்டுலயே குடுக்கற கூலிங்க. அந்தம்மா ஒரு நாளு வரலீன்னா மூட்டை வெளிய போகாதுன்னு உங்க பார்ட்டியே எங்கிட்ட பெருமையாச் சொன்னாருங்க."

"ஆனா முன்னாடி அந்தச் செலவு இல்லையே சார்."

"வேலை இருந்துச்சுங்களே. கூலிதான் இல்ல. இன்னொன்னும் பாருங்க. அஞ்சு மடங்கு விலை குடுத்தோம். அந்தக் கூலிய அன்னைக்கே கழிச்சிருந்தா லாபம் அஞ்சு லட்சம் கொறைஞ்சிருக்கும். அப்ப நாங்க இருவத்தஞ்சு லட்சம் சேத்திக் குடுத்துட்டோமுங்க. அதைப் பத்தி நான் ஏதாச்சும் பேசினனுங்களா?"

கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துதான்.

"ஆட்சேபம் அனுப்புங்க. தப்பில்லீங்க. அது உங்க உரிமை. தனி ஆடிட்டர் பாக்கட்டும். ஆனா ஒன்னு. அந்தம்மா முன்னாடியும் வேலைதான் செஞ்சாங்கன்னா, நீங்க குடுத்த ஆள் பட்டியல் தப்பாப் போயிருமுங்க. அதையும் பாத்து எழுதுங்க."

போனை வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் ஆள் பட்டியல் இருந்த பக்கத்தைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு கிடுக்கிப்பிடி இருந்தது. மாரித்தாய் செய்தது வேலை என்றால், நாற்பத்தொரு பெயர் என்ற உறுதி பொய். பழைய பாக்கிக்குப் பூபதிராஜா பொறுப்பு. அது வேலை இல்லை, வீட்டு ஆள் செய்த உதவி என்றால், பட்டியலும் சரி, ஆட்சேபமும் நிற்கும், மூன்று கோடியும் வரும். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் மாரித்தாய்.

நானே எழுதினேன். 'மேற்படி நிறுவனத்தில் நான் குடும்ப உறுப்பினர் என்ற முறையில், ஊதியம் எதிர்பாராமல், விருப்பப்பட்டு உதவி மட்டுமே செய்து வந்தேன். எனக்கு வேலை கொடுத்தது முழுக்க வேல்மதி நிறுவனத்தின் முடிவு.' ஒரு பக்கம். அச்சடித்துப் பைக்குள் வைத்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஜூன் பதினெட்டு. ஆட்சேபத்துக்குக் கடைசி நாள் மறுநாள். பாலக்காட்டிலிருந்து ஏழு மணி நேரம் போய் இறங்கியபோது உடும்பஞ்சோலையில் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பருவம் தொடங்கவில்லை; ஷெட்டில் பழைய காய் கொஞ்சம்தான். பூபதிராஜா மாடியிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்திருந்தார்.

"பாப்பா, நான் ஒண்ணு யோசிச்சேன். மாரி வாங்குன பதினோரு மாச சம்பளத்த அப்படியே கம்பெனிக்குத் திருப்பிக் கட்டிட்டா?"

"முடியாது சார். வருஷம் முடிஞ்சாச்சு. வேலையும் நடந்தாச்சு. இப்போ திருப்பினா அது வேற வருஷத்து வரவு. போன வருஷ லாபம் மாறாது."

"அப்ப இந்தக் காயிதம்தான் வழி."

"ஆமாம் சார்."

மாரித்தாய் சல்லடை மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கணவரின் அண்ணன் என்பதால் மூத்தாரோடு அவர் நேருக்கு நேர் பேசுவதில்லை. அது அந்த வீட்டுப் பழக்கம். சொல்ல வேண்டியதை நடுவில் நிற்பவரிடம் சொல்வார். அவரும் அப்படியே. அன்று நடுவில் நின்றது நான்.

"அதுகிட்ட விவரம் சொல்லுங்க பாப்பா," என்றார் பூபதிராஜா. "மூணு கோடி வந்தா அம்பது லட்சம் அதுக்கும் ஆனந்திக்கும்னு நான் முன்னமே சொல்லியிருக்கேன். தேனியில ஒரு வீடு. நர்ஸ் படிப்பு முடிஞ்சதும் புள்ளைக்குக் கல்யாணம். எல்லாம் சொல்லுங்க."

சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படித்தார். நிதானமாக. 

"உதவின்னு போட்டிருக்கு," என்றார்.

"ஆமாம் அக்கா."

"உதவின்னா வரலாம், வராமலும் இருந்துக்கலாம்ல?"

அவர் விரல் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது.

"நான் வராம இருந்த நாள் எதுன்னு அவுககிட்ட கேளுங்க பாப்பா."

கேட்க வேண்டியிருக்கவில்லை. பூபதிராஜா இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"ஆனந்தி வயித்துல இருக்கும்போது ஒம்பதாம் மாசம் வரைக்கும் இந்தக் குவியல்ல குனிஞ்சு எந்திரிச்சேன். அவுக தம்பி செத்த பதினாறாம் நாள், கும்பிட்டு முடிச்ச கையோட வந்தேன். வெளிய மதுர லாரி நின்னுச்சு. நூல் கட்டாம எடுக்க மாட்டேன்னு நின்னானுக. யாரு என்னையக் கூப்பிட ஆளு அனுப்புனதுன்னு கேளுங்க."

"நான் சோறு போடலையா?" பூபதிராஜாவின் குரல் உடைந்தது. ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "புள்ளைய நான் படிக்க வெக்கல? ஒரு நாள் மொகம் சுளிச்சிருப்பேனா? கேளுங்க பாப்பா."

"போட்டாக. இல்லைங்கல. எம் புள்ள அவுகளத்தான் அப்பான்னு நெனைக்கிது. அதுக்கு நன்றின்னு எழுதிக் கொண்டாங்க, இப்பவே ஒப்புப் போடுதேன், ரெண்டு காயிதத்துல வேணாலும் போடுதேன். இது வேற."

"அம்பது லட்சம்னு சொல்லுங்க."

"அது அவுக குடுத்தா உண்டு, குடுக்காட்டி இல்ல. போன வருஷ மே மாசக் கடைசியில பாங்குல நாப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கொறவா விழுந்துச்சு பாருங்க. அது நான் வாங்குனது. சீட்டுல எம் பேரு போட்டு. இத்தன வருஷம் செஞ்சது என்னான்னு அன்னைக்குத்தான் எனக்கே பேரு தெரிஞ்சுச்சு. இப்ப அதுக்கு வேற பேரு எழுதிட்டு வந்திருக்கீக."

என் கையில் பேனா இருந்தது. மூடியைத் திறந்து வைத்திருந்தேன். மூடினேன்.

"இந்த வரிய எடுத்துட்டா?" என்றேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. "வேலை குடுத்தது வேல்மதியோட முடிவுங்கற வரி மட்டும் போதுமா அக்கா?"

"அது நெசம்தான. அதுக்குப் போடுதேன்."

பூபதிராஜா தலையை நிமிர்த்தினார். "அது பத்துமா பாப்பா? நெசத்தச் சொல்லுங்க."

சொல்ல வேண்டியதாயிற்று. "பத்தாது சார். அனுப்பலாம். ஆனா அந்த ஆடிட்டர் முதல்ல கேக்கப் போறது, அதுக்கு முன்னாடி இந்த வேலைய யார் செஞ்சாங்கறதுதான். அக்காவக் கூப்பிட்டுக் கேப்பா. அக்கா இப்போ சொன்னதத்தான் சொல்லுவா. செலவு நியாயம்னு ஆயிடும். நம்ம பட்டியல் தப்புன்னும் ஆயிடும். அதுக்கு ஈடு கேட்டா அதுவும் உங்க தலையில."

அவர் மேஜை மேல் கிடந்த சிவப்பு நூல்கண்டை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். மாடிப்படி ஏறினார். பாதியில் ஒரு தடவை நின்றார். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்க சாப்பிட்டீகளா பாப்பா?" என்றார் மாரித்தாய். அவர் கண் கலங்கியிருந்தது. "தேனி வீட்டுக்கு ஆனந்தி என்ன நெறத்துல பெயிண்டு அடிக்கணும்னெல்லாம் பேசி வச்சிருந்துச்சு. நாந்தான் அவகிட்ட சொல்லணும்."

"அக்கா," என்றேன். "அந்தப் பட்டியல எழுதினது நான். உங்கள ஜன்னல்லேருந்து பார்த்துண்டே எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "பாத்தும் எழுதல," என்றார். அவ்வளவுதான். கட்டன் சாயா போடப் போனார்.

மறுநாள், பத்தொன்பதாம் தேதி, பாலக்காட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்சேபக் கடிதம் என் கணினியில் தயாராக இருந்தது, அந்த வரி இல்லாமல். அனுப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பியிருப்பேன். அது என் வேலை. பகல் பன்னிரண்டு ஆனது. மூன்று ஆனது. ஆறு மணியோடு அவகாசம் முடியும்.

நாலேமுக்காலுக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா."

"சொல்லுங்கோ சார். அனுப்பட்டுமா?"

போனில் மழை கேட்டது. ஷெட்டுக்குள்ளிருந்துதான் பேசுகிறார். தகரக் கூரையின் சத்தம் எனக்குத் தெரியும்.

"வேணாம்," என்றார். "கோடு நான் போடச் சொன்னது. தாண்டல. அவ்வளவுதான்."

 மூன்று கோடி. ஒரு மனிதர் ஒரு வருஷம் கண் மூடாமல் உழைத்த மூன்று கோடி. கணினியில் திறந்திருந்த கடிதத்தை மூடினேன். 

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார். "ஆளு வேலைய விட்டுப் போகும்போது சர்வீசுக்குன்னு ஒரு தொகை குடுப்பாகல்ல. கிராஜுவிட்டி. அது எப்படிக் கணக்குப் போடுவாக?"

"வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் சார். அடிப்படைச் சம்பளத்த இருபத்தாறால வகுத்து, பதினஞ்சால பெருக்கணும். அக்காவோட அடிப்படை இருபத்தாறாயிரம். அப்போ வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம்." வாயில் கணக்கு தானாக ஓடியது. "கம்பெனி பதிவானது இருபத்திரண்டு வருஷம் முன்னாடி. அப்போ மூணு லட்சத்து முப்பதாயிரம். ஆனா சார், அத யாரும் உங்ககிட்ட கேக்கலையே. அந்தப் பழைய வருஷங்கள நாமளே ஒத்துக்கிண்டா, வேல்மதி பட்டியல் விவகாரத்த எடுக்கலாம்."

"எடுக்கட்டும். மாரியோட பழைய சர்வீச வேல்மதிக்காரக எழுதட்டும், நான் ஒப்புப் போடுதேன். காச நான் கட்டுதேன். சும்மா கேட்டேன், எம்புட்டு வரும்னு."

எதிரே இருந்த காகிதத்தில் இருபத்திரண்டு வருஷம் என்று எழுதிவைத்தேன். 

"பாப்பா, அத அழிங்க. இருபத்திரண்டு இல்ல. கம்பெனி ஆகுறதுக்கு முந்தி வாடகை ஷெட்டுல ஒரு வருஷம் ஓட்டுனோம். தம்பி மூட்டை தைப்பான், அவ நூல் கட்டுவா. இருபத்திமூணுன்னு போடுங்க."